கதவு திறந்ததும் என்ன சொல்வது? வீடு தேடிச் செல்லும் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இயந்திரத்தைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுத்தருகிறார்கள். அழைப்பு மணியை அடித்துவிட்டு எங்கே நிற்பது, கதவு திறந்ததும் முதலில் எதைச் சொல்வது, கட்டணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. நான் வாசல் வாசலாக நின்றுதான் இவற்றைக் கற்றேன். வேலை முடிந்தபின் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை, வேலை தொடங்கும் முன் வாசலில் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றிலிருந்துதான் முளைக்கின்றன என்பது என் அனுபவம்.

எல்லா வகை வேலையையும் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின். துவைத்த தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே நிற்கிறது என்று புகார். இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அந்த வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறீர்கள்.

1. கிளம்பும் முன் சட்டைப் பையில் இருக்க வேண்டியவை

முதலாவது, புகைப்பட அடையாள அட்டை. அதில் முகம் இன்றைய உங்கள் முகம்போல இருக்க வேண்டும். தாடி இல்லாத காலத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு தாடியோடு போய் நின்றால், அட்டையே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி முடிந்த அட்டையை வாடிக்கையாளர் கவனித்துவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டாவது, வேலைச் சீட்டு. புகார் எண், வாடிக்கையாளர் பெயர், இயந்திரத்தின் மாடல், புகாரின் சுருக்கம், வரச்சொன்ன நேரம் ஆகியவை அதில் இருக்கும். வாசலில் படிக்காமல், மாடிப்படி ஏறும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். “என்ன புகார் கொடுத்தீர்கள்?” என்று வந்தவரே கேட்டால், ‘புகார் கொடுத்தது தெரிந்தா வந்தான்?’ என்ற சந்தேகம் அங்கேயே தொடங்கும்.

மூன்றாவது, கட்டண அட்டை. வருகைக் கட்டணம், கூலி, உதிரிபாக விலை என மூன்றும் தனித்தனியாக அச்சிட்ட ஒரு தாள் போதும்.

இந்த மூன்றும் கருவிப் பைக்குள் இருக்கக் கூடாது. வாசலில் குனிந்து, ஜிப்பைத் திறந்து, ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே அட்டையைத் தேடுகிறவரைக் கதவுக்கு உள்ளிருந்து பார்ப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அட்டை கைப்பேசியில்தான் இருக்கிறது என்றால், மணி அடிக்கும் முன்பே திரையைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிவையுங்கள். பேட்டரி தீரும் நாள் ஒன்று வரும் என்பதால் அச்சுப் பிரதியும் உடன் இருக்கட்டும்.

நிறுவனத்தில் சேராமல் தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு அட்டை கொடுக்க ஆள் இல்லை. நீங்களே ஒன்று அடித்துக்கொள்ளுங்கள்: படம், பெயர், தொழில், தொடர்பு எண், தொழில் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு எண். இதற்கு ஆகும் செலவு ஒரு வாஷிங் மெஷின் பம்ப்பின் விலைகூட வராது. ஆனால் அட்டையில் உள்ள எண்ணும், வாடிக்கையாளரை நீங்கள் அழைத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்களே அடித்துக்கொண்ட அட்டைக்கு அந்தப் பொருத்தம்தான் உயிர். முந்தைய நாள் மாலையே உங்கள் படத்தையும் பெயரையும் செய்தியாக அனுப்பிவைத்தால் வாசலில் பாதி வேலை குறையும்.

2. வருவதற்கு அரை மணி முன்பு ஓர் அழைப்பு

சொல்லாமல் போய் நிற்பவருக்குக் கதவு மெதுவாகத்தான் திறக்கும். அழைத்து, பெயரைச் சொல்லி, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். தாமதமானால் மீண்டும் அழையுங்கள். உதவியாளர் ஒருவரும் உடன் வருகிறார் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒருவரை எதிர்பார்த்த வீட்டின் முன் இருவர் நிற்பது நல்ல தொடக்கம் இல்லை.

நம் உதாரண வேலைக்கு இந்த அழைப்பில் இன்னொரு பயனும் உண்டு. சுடுநீரில் துவைக்கும்போது இயந்திரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிப்பாக இருக்கலாம். “ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள், தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள், நான் வரும்வரை கதவைத் திறக்க முயலாதீர்கள்” என்று சொல்லிவிட்டால் நீங்கள் போவதற்குள் சூடு தணியத் தொடங்கியிருக்கும். கூடவே, வாங்கிய ரசீதை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்தைக் கணக்கிட வாங்கிய தேதி வேண்டும். நீங்கள் வந்தபின் ரசீதைத் தேடத் தொடங்கினால் உங்கள் நேரமும் போகும். முன்பின் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருக்க, அவர் முன்னால் அலமாரியைத் திறக்க வேண்டிய சங்கடமும் அவர்களுக்கு வரும்.

3. மணி அடித்தபின் எங்கே நிற்பது

மணியை ஒருமுறை அடியுங்கள். பிறகு இரண்டு அடி பின்வாங்கி, கதவுக்கு நேராக நில்லுங்கள். கதவில் பதித்த சிறு கண்ணாடித் துளையின் லென்ஸ் அகன்ற கோணத்தைக் காட்டுவது. அதை ஒட்டி நின்றால் உள்ளே இருப்பவருக்கு ஒரு பெரிய மூக்குதான் தெரியும். பக்கவாட்டில் சுவரோரம் நின்றால் ஒளிந்திருப்பதாகத் தோன்றும். சற்றுத் தள்ளி நேராக நின்றால் முகம், சீருடை, கருவிப் பை எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவானால் அது உங்கள்மேல் இடிக்காமலும் இருக்கும்.

ஹெல்மெட்டை வாகனத்திலேயே விட்டுவிடுங்கள். காதில் மாட்டிய ஹெட்போன், குளிர்கண்ணாடி எல்லாம் மணி அடிக்கும் முன்பே இறங்க வேண்டும். கதவு திறக்கும் நொடியில் நீங்கள் கைப்பேசியில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

குறைந்தது அரை நிமிடம் காத்திருந்துவிட்டு இரண்டாம் முறை அடியுங்கள். முதியவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து வரவே அவ்வளவு நேரம் ஆகும். அதன்பின்னும் பதில் இல்லை என்றால் கைப்பேசியில் அழையுங்கள். கைப்பிடியைத் திருகிப் பார்ப்பது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது. கதவு தானாகவே சற்றுத் திறந்து கிடந்தாலும் வெளியிலிருந்தே குரல் கொடுங்கள்.

4. முதல் மூன்று வாக்கியங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் “உள்ளே வரலாமா?” என்றுதான் தொடங்குகிறார்கள். யார் என்று தெரியாத ஒருவருக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அடுத்து அதிகம் கேட்கப்படுவது “கம்பெனியிலிருந்து வருகிறேன்” என்பது. எந்தக் கம்பெனி, எதற்காக என்று தெரியாத இந்த வாக்கியத்தை யாரும் சொல்லலாம். ஏமாற்றுக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: என் பெயர், எங்கிருந்து வருகிறேன், யாரைப் பார்க்க, எந்தப் புகாருக்காக. அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

“வணக்கம் அம்மா. என் பெயர் குமார், வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரிலிருந்து வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து நேற்று பதிவான புகாருக்காக வந்திருக்கிறேன், தண்ணீர் வெளியேறவில்லை என்று. அரை மணி முன்பு அழைத்ததும் நான்தான்.”

நிறுவனத்தின் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு வந்த செய்தியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரை. பல இடங்களில் இயந்திரம் செய்த நிறுவனம் ஒன்று, அதற்காகச் சர்வீஸ் செய்து தரும் நிறுவனம் இன்னொன்று. நீங்கள் இரண்டாவதன் பெயரை மட்டும் சொன்னால் “நாங்கள் அங்கே புகார் கொடுக்கவில்லையே” என்று கதவு மூடப்படும். “இன்ன நிறுவனத்தின் மெஷினுக்கு அவர்கள் சார்பில் சர்வீஸ் செய்கிறோம்” என்று இரண்டையும் இணைத்துச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

புகார் பதிவு செய்தவரின் கைப்பேசி எண்ணை மாடிப்படியில் நின்று உரக்க வாசிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கும் காது உண்டு. புகார் எண்ணைச் சொல்லுங்கள், அவர்களுக்கு வந்த செய்தியோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். தேவைப்பட்டால் கைப்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் போதும்.

“வீட்டில் வேறு யாரும் இல்லையா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இயந்திரத்தைப் பிடித்து நகர்த்த ஓர் ஆள் வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில் கேட்டாலும், கேட்பவர் காதில் அது வேவு பார்ப்பதாகவே விழும். ஆள் வேண்டுமென்றால், உள்ளே போய் இயந்திரத்தைப் பார்த்தபின், “இதை நகர்த்த ஒரு கை பிடிக்க முடியுமா?” என்று கேட்டால் போதும்.

பேசும்போது கருவிப் பை உங்கள் கையிலோ, உங்கள் காலருகிலோ இருக்கட்டும். நிலைப்படிக்கு உள்ளே பையை வைப்பதும், நிலைப்படியில் ஒரு காலை ஊன்றுவதும், அனுமதி கிடைக்கும் முன்பே வீட்டுக்குள் நுழைந்ததற்குச் சமம். இனி கதவை மூட முடியாது என்று அவர்களுக்குத் தோன்றும்.

காது கேளாதவர் கதவைத் திறந்தால் இந்த வாக்கியங்களால் பயன் இல்லை. அட்டையையும் வேலைச் சீட்டையும் அருகருகே பிடித்துக் காட்டுங்கள். முகத்தைக் குனிக்காமல், உதட்டசைவு தெரியும்படி மெதுவாகப் பேசுங்கள்.

5. அட்டையைப் படிக்க விடுங்கள், அழைக்கவும் விடுங்கள்

அட்டையை மின்னல்போலக் காட்டிவிட்டுப் பைக்குள் வைப்பதும் காட்டாததும் ஒன்றுதான். மார்பளவு உயரத்தில், விரல் பெயரை மறைக்காமல், அவர் கண்ணை எடுக்கும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். சங்கிலி மாட்டிய கதவானால் இடைவெளி வழியாகவே காட்டுங்கள். “சங்கிலியை எடுங்கள்” என்று நீங்கள் சொல்லக் கூடாது.

சிலர் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, கதவை மூடிவிட்டு, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். நீங்களே முன்வந்து, “சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வெளியே நிற்கிறேன்” என்று சொல்லலாம். ஆனால் எந்த எண்ணுக்கு அழைப்பது? உங்கள் அட்டையில் இருக்கும் எண்ணைக் காட்டாதீர்கள். போலி அட்டை அடிக்கத் தெரிந்தவனுக்குப் போலி எண் போடவும் தெரியும் என்று யோசிக்கிற வாடிக்கையாளர் சரியாகத்தான் யோசிக்கிறார். வாங்கிய ரசீதிலோ, இயந்திரத்தோடு வந்த கையேட்டிலோ இருக்கும் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இணைப்புக் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தையும் சேர்த்தே அன்றைய வேலைகளைத் திட்டமிடுங்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாமல் நேரம் குறித்தவர்தான் வாசலில் எரிச்சல்படுகிறார்.

ஓ.டி.பி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்களில் வேலை தொடங்க ஓர் எண்ணும் முடிக்க ஓர் எண்ணும் வாடிக்கையாளருக்குப் போகும். எது எதற்கு என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். முடிக்கும் எண்ணை வாசலிலேயே கேட்டு வாங்கிவைப்பது சிலரிடம் இருக்கும் கெட்ட பழக்கம்; வேலையே நடக்காமல் புகாரை மூடிவிட அது வழி செய்கிறது. இதைத் தெரிந்த வாடிக்கையாளர் உங்களை அத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார். எந்த எண்ணைக் கேட்டாலும், “செய்தியைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

6. கட்டணமும் நேரமும் நிலைப்படிக்கு வெளியிலேயே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

உத்தரவாதம் இருக்கிறது என்றால் எல்லாம் இலவசம் என்றே வாடிக்கையாளர் நினைத்திருப்பார். நம் உதாரணத்தில் அது பாதிதான் உண்மை. தண்ணீர் வெளியேறாததற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, பம்ப் பழுதாகியிருப்பது. இது பொருளின் குறை, பெரும்பாலும் உத்தரவாதத்தில் வரும். மற்றொன்று, வடிகட்டியிலோ பம்ப்பிலோ நாணயம், ஹேர்பின், பொத்தான், நூல் உருண்டை போன்றவை அடைத்துக்கொண்டிருப்பது. இப்படி வெளிப்பொருளால் வரும் அடைப்பைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. எது காரணம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

திறந்து, நாணயத்தை எடுத்துக் காட்டி, “இதற்குக் கட்டணம் உண்டு” என்று சொன்னால் என்ன நடக்கும்? “முன்பே சொல்லியிருந்தால் நானே திறந்து பார்த்திருப்பேனே” என்பார்கள். அந்தப் பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே வாசலிலேயே சொல்லுங்கள்:

“அம்மா, உள்ளே வருவதற்கு முன் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் பழுது என்றால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவோம். காசோ பின்னோ அடைத்திருந்தால் அது உத்தரவாதத்தில் வராது, இந்தத் தாளில் உள்ளபடி வருகைக் கட்டணமும் கூலியும் ஆகும். அடைப்பு என்றால் அரை மணியில் முடியும். பம்ப் மாற்றுவதாக இருந்தால் ஒன்றரை மணி வரை ஆகலாம். சம்மதமா?”

தாளை அவர் கையில் கொடுங்கள். வாயால் சொன்ன தொகை பிறகு இருவர் நினைவிலும் வேறு வேறாக இருக்கும். நேரத்தையும் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இரண்டு நிலைகளாகச் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போக வேண்டியவர் உங்களை இன்னொரு நாள் வரச்சொல்லக்கூடும். நடுவேலையில் கிளம்பச் சொல்வதைவிட அது இருவருக்கும் நல்லது.

சம்மதம் இல்லை என்றால்? வாசல்வரை வந்ததற்கே கட்டணம் உண்டு என்பது உங்கள் நிறுவன விதியானால், அதைப் புகார் பதிவின்போதோ அரை மணி முன் அழைத்தபோதோ சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததை இப்போது கேட்டு வாங்க முயலாதீர்கள். “வேண்டாம்” என்று வேலைச் சீட்டில் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

இதே இடத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதையும் ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பல மாடல்களில் வடிகட்டி, இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. உருளையில் தங்கிய தண்ணீர் முழுவதையும் அந்தத் துவாரம் வழியாகத்தான் தரையளவில் வடிக்க வேண்டும். தட்டையான பாத்திரம் ஒன்றும் பழைய துணிகளும் தேவைப்படும், பலமுறை குளியலறைக்குப் போய்வர நேரிடும் என்று சொல்லுங்கள். தரைவிரிப்பைச் சுருட்டிவைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஈரக்காலோடு வீட்டுக்குள் நடமாடும்போது யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

இவ்வளவும் பேச இரண்டு மூன்று நிமிடங்கள்தான். இப்போதுதான் “உள்ளே வரலாமா? காலணியைக் கழற்றவா, உறை போட்டுக்கொள்ளவா?” என்று கேட்கும் நேரம். வழியை அவர்கள் காட்டட்டும். நீங்கள் முன்னால் நடக்காதீர்கள்.

7. எதிர்பாராதவர் கதவைத் திறந்தால்

சிறுவர் திறந்தால், உங்கள் பெயரை மட்டும் சொல்லி, பெரியவரை அழைக்கச் சொல்லுங்கள். பெரியவர் இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னால், “நான் வெளியே நிற்கிறேன், கதவைச் சாத்திக்கொள்” என்று சொல்லிவிட்டு, புகார் கொடுத்தவரைக் கைப்பேசியில் அழையுங்கள். “பரவாயில்லை, பிள்ளை இருக்கிறதே, பார்த்துவிட்டுப் போங்கள்” என்று பெற்றோரே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒரு பொருள் காணாமல்போனதாக மறுநாள் பேச்சு வந்தால், உங்களுக்காகப் பேச அங்கே ஒரு சாட்சியும் இருக்காது. வேறு நேரம் குறித்துக்கொண்டு திரும்புங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதை வேலைச் சீட்டில் எழுதிவையுங்கள்.

வேலையாள், விருந்தினர், பக்கத்து வீட்டுக்காரர் திறந்தாலும் வழி ஏறக்குறைய அதுவே. புகார் கொடுத்தவரோடு அவர்கள் முன்னிலையிலேயே பேசி, கட்டணத்துக்கான சம்மதத்தைச் செய்தியாக வாங்கிக்கொண்டபின் நுழையுங்கள்.

8. பொதி கொண்டுவரும் கூரியர்காரருக்கு

உங்களுக்கு வேலை சுருக்கம், ஏனென்றால் பெரும்பாலும் நீங்கள் உள்ளே போகவே தேவையில்லை. பெறுபவர் பெயரையும் அனுப்பியவர் பெயரையும் சொல்லுங்கள். உள்ளே என்ன பொருள் என்பதைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும்படி சொல்லாதீர்கள். பணம் வாங்க வேண்டிய பொதி என்றால் தொகையை முதலில் சொல்லி, அதன்பின் பொதியை நீட்டுங்கள். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கவே இல்லை என்று சொன்னால் வற்புறுத்தாமல் திருப்பி எடுத்துப்போங்கள். வீட்டில் மற்றவர்களைக் கேட்க அவருக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் போதும். ஓ.டி.பி. தேவையென்றால், பொதி அவர் கைக்குப் போய், முகவரியையும் உறை கிழியாததையும் அவர் பார்த்தபின் கேளுங்கள். மிகவும் கனமான பெட்டியை உள்ளே வைத்துத்தரச் சொன்னால், எந்த அறை, எந்த இடம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, வைத்ததும் வெளியே வந்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

9. பாதியில் வெளியே போய்த் திரும்பும்போது

மீண்டும் நம் வாஷிங் மெஷின் வேலைக்கு வருவோம். பம்ப்பை எடுக்க வண்டிக்குப் போகிறீர்கள். “உதிரிபாகம் எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும்போது கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தாலும் தள்ளிக்கொண்டு நுழையாமல் மணியை அடியுங்கள். திறந்தவர் வேறொருவர் என்றால், பெயரிலிருந்து தொடங்கி மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அட்டையையும் காட்டுங்கள். பாகம் கையிருப்பில் இல்லாமல் இன்னொரு நாள் வர வேண்டியிருந்தால், வரப்போவது நீங்களா வேறு ஆளா என்பதை வேலைச் சீட்டின் வாடிக்கையாளர் பிரதியில் எழுதிக் கொடுங்கள். வேறு ஆள் என்றால் அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.